இரண்டு மொழியும் வேண்டும், ஒரே நேரத்தில் வேண்டாம்

பள்ளிப் பாட வீடியோக்களில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. ஆசிரியர் தமிழில் விளக்குகிறார். திரையின் அடியில் தமிழில் இரண்டு வரி, அதன்கீழ் ஆங்கிலத்தில் இரண்டு வரி. நான்கும் வீடியோவிலேயே பதிக்கப்பட்டிருக்கின்றன. இதுதான் இருமொழி சப்டைட்டில் என்று தயாரிப்பாளர்களும் ஆசிரியர்களும் நம்புகிறார்கள். இந்த முறை பாடத்தைக் கெடுக்கிறது என்பதே என் வாதம்.

எதிர்த்தரப்பு சொல்வதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரே வகுப்பில் தமிழ் வழியில் படித்தவரும் ஆங்கில வழியில் படித்தவரும் இருக்கிறார்கள். இருவருக்கும் இடம் தருவதே நியாயம் என்கிறார்கள். தமிழ் வழியில் படித்த மாணவர் கல்லூரியில் ஆங்கிலத்துக்கு மாறும்போது தடுமாறுகிறார். இரண்டையும் அருகருகே பார்த்துப் பழகினால் அந்தத் தடுமாற்றம் குறையும் என்கிறார்கள். தனித்தனிச் சப்டைட்டிலாகக் கொடுத்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அது காணாமல் போகிறது, புரொஜெக்டர் உள்ள வகுப்பில் யாரும் அதைத் தேடி இயக்குவதில்லை, பதித்துவிட்டால் அந்தக் கவலை இல்லை என்கிறார்கள். வேண்டாத மொழியைக் கண் தானே ஒதுக்கிவிடும் என்கிறார்கள். பின்லாந்திலும் பிரஸ்ஸல்சிலும் திரையரங்குகளில் இரண்டு மொழிகளை ஒன்றாகக் காட்டுகிறார்களே என்றும் கேட்கிறார்கள்.

இவற்றில் எதுவும் அற்பமான வாதம் அல்ல. நியாயம், மொழி மாற்றம், வாட்ஸ்அப் மூன்றும் உண்மையான தேவைகள். ஆனால் நான்கு வரி அந்தத் தேவைகளை நிறைவேற்றுவதில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வாதம் காற்றில் நிற்காமல் இருக்க ஒரே பாடத்தைக் கையில் எடுத்துக்கொள்கிறேன்: பத்தாம் வகுப்பு ஒளியியலில் வரும் குவிலென்சின் கதிர்ப்படம்.

1. நான்கு வரி படத்தை மறைக்கிறது. மறைப்பது பாடத்தின் மையத்தை

எவ்வளவு இடம் போகிறது? கணக்குப் போடலாம். 1920×1080 அளவுள்ள வீடியோ. கைபேசியில் படிக்கும்படி எழுத்து வைத்தால் ஆங்கில வரி ஒன்றுக்குச் சுமார் 60 பிக்சல் உயரம் வேண்டும். தமிழில் மேலே புள்ளியும் இகரக் குறியும், கீழே உகரக் குறியும் நீள்வதால் வரி ஒன்றுக்குச் சுமார் 72 பிக்சல் ஆகும். இரண்டு தமிழ் வரிக்கு 144, இரண்டு ஆங்கில வரிக்கு 120, விளிம்பு வெட்டுப்படாமல் இருக்க அடியில் விடும் 5 சதவீத இடத்துக்கு 54. மொத்தம் 318 பிக்சல். திரையின் உயரத்தில் ஏறத்தாழ 29 சதவீதம்.

இப்போது கதிர்ப்படத்தை அந்தத் திரையில் வரைவோம். முதன்மை அச்சு நடுவில், மேலிருந்து 540-ஆம் பிக்சலில் இருக்கிறது. லென்சின் குவியத் தொலைவு 10 செ.மீ. பொருளை 20 செ.மீ. தொலைவில் வைக்கிறோம். பிம்பம் மறுபக்கம் 20 செ.மீ. தொலைவில், தலைகீழாக, பொருளின் அதே அளவில் விழும். பொருளைக் காட்டும் அம்பு அச்சுக்கு மேலே 300 பிக்சல் உயரம் என்றால் பிம்பத்தின் அம்பும் அச்சுக்குக் கீழே 300 பிக்சல் இறங்க வேண்டும். அதன் முனை 840-இல் இருக்கும். ஆனால் நான்கு வரி தொடங்குவது 762-இல். ஆக, அம்பின் கடைசி 78 பிக்சல், அம்புத்தலையோடு சேர்ந்து, எழுத்துக்கு அடியில் போய்விடுகிறது.

மாணவர் பார்ப்பது என்ன? மேலே 300 அளவில் ஒரு அம்பு, கீழே 222 அளவில் தலையில்லாத ஒரு கோடு. “பிம்பம் பொருளின் அதே அளவில் இருக்கும்” என்று ஆசிரியர் சொல்லும் அதே நொடியில் படம் “சிறியதாக இருக்கும்” என்கிறது. தலைகீழ் என்பதைச் சொல்லும் அம்புத்தலையும் கண்ணில் படவில்லை. குவிலென்சின் மெய் பிம்பம் எப்போதும் அச்சுக்குக் கீழேதான் விழும். சப்டைட்டில் உட்காரும் இடமும் அதுதான். பொருளின் இடத்தை மாற்றி மாற்றி ஆசிரியர் எத்தனை நிலைகளை வரைந்தாலும், விடை வரும் பக்கத்திலேயே எழுத்து நிற்கிறது.

இதே சட்டத்தில் ஒரு மொழியை மட்டும் இரண்டு வரியில் வைத்துப் பாருங்கள். தமிழுக்கு 144, அடி இடம் 54, மொத்தம் 198. எழுத்து 882-இல்தான் தொடங்கும். அம்பின் முனை 840-இல் முழுசாகத் தெரியும்.

2. “எழுத்தைச் சிறிதாக்கலாம், பின்னணியை மங்கலாக்கலாம்” என்பது தீர்வு அல்ல

சிறிய எழுத்து யாருக்கு? பாட வீடியோவைப் பெரும்பாலான மாணவர்கள் கைபேசியில் பார்க்கிறார்கள். சுமார் 7 செ.மீ. அகலமுள்ள கைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் வீடியோவின் உயரம் 4 செ.மீ.க்கும் குறைவு. 60 பிக்சல் வரி அங்கே இரண்டு மில்லிமீட்டர் சொச்சம்தான். அதை மேலும் குறைத்தால் முதலில் பலியாவது தமிழ். புள்ளி தெரியாமல் போனால் மெய்யெழுத்து உயிர்மெய் ஆகிவிடும்; இகரமா ஈகாரமா என்பது ஒரு சுழியில் இருக்கிறது. ஆங்கில எழுத்து மங்கினாலும் சொல்லின் உருவத்தை வைத்து ஊகிக்கலாம். தமிழில் சிறு குறிகளே பொருளை மாற்றுகின்றன.

அரைகுறையாகத் தெரியும் கறுப்புப் பட்டை இன்னும் மோசம். அதன் பின்னால் கதிர்க்கோடு ஓடும்போது எழுத்தும் தெளிவாக இருக்காது, கோடும் தெளிவாக இருக்காது. இடப் பற்றாக்குறையை மங்கலாக்கித் தீர்க்க முடியாது.

3. “வேண்டாத மொழியைக் கண் ஒதுக்கிவிடும்” என்பதற்கு ஆதாரம் எதிராக நிற்கிறது

கண் அப்படி ஒதுக்குமா? பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் ஜெரி டிடெவால் குழுவினர் பார்வையாளர்களின் கண்ணசைவைப் பதிவு செய்து 1991-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சப்டைட்டில் பார்த்துப் பழக்கமே இல்லாத அமெரிக்கர்களுக்கு ஆங்கிலப் படத்தை ஆங்கிலச் சப்டைட்டிலோடு காட்டினார்கள். காதில் கேட்பதே முழுசாகப் புரிந்தபோதும் அவர்கள் எழுத்தைப் படித்தார்கள். திரையில் எழுத்து தோன்றினால் படிப்பது கிட்டத்தட்டத் தன்னிச்சையாக நடக்கிறது என்பதே அவர்கள் கண்டது.

தேவையில்லாத எழுத்தையே கண் படிக்கிறது என்றால், இரண்டு மொழியும் அரைகுறையாகவாவது தெரிந்த நம் மாணவரின் கண் என்ன செய்யும்? தமிழைப் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு இறங்கும், அது சரியா என்று மறுபடி தமிழுக்கு ஏறும். அந்த நேரம் முழுவதும் கதிர் எங்கே வளைகிறது என்பதை அது பார்க்கவில்லை.

ரிச்சர்ட் மேயரும் அவருடன் ஆய்ந்தவர்களும் மின்னல் உருவாவதை விளக்கும் அசைபடத்தை வைத்து 2001-இல் காட்டியது இதற்கு அடுத்த படி. குரல் விளக்கத்தோடு திரையில் எழுத்தையும் சேர்த்தபோது மாணவர்கள் குறைவாகவே நினைவில் வைத்தார்கள், புதிய கேள்விகளுக்கும் அதைக் குறைவாகவே பயன்படுத்தினார்கள். படத்தையும் எழுத்தையும் ஒரே கண் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பதே காரணம். இதைச் சொல்வதால் சப்டைட்டிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காது கேளாத மாணவருக்கு அதுதான் ஆசிரியரின் குரல். சத்தமான வீட்டில் படிப்பவருக்கும் அது தேவை. ஒரு மொழிச் சப்டைட்டிலுக்கே ஒரு விலை இருக்கிறது, ஆகவே வேண்டாதவர் அணைத்துக்கொள்ள முடிய வேண்டும் என்கிறேன். பதித்த நான்கு வரி அந்த வாய்ப்பை எல்லோரிடமிருந்தும் பறிக்கிறது.

சப்டைட்டில் வாசிப்பை வளர்க்கும் என்பதற்கு பிரிஜ் கோத்தாரி அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் தொடங்கி, தூர்தர்ஷனின் சித்ரஹார் வரை கொண்டுபோன முயற்சியை எடுத்துக்காட்டுகிறார்கள். அது அருமையான பணி. ஆனால் அங்கே திரையில் ஓடியது பாட்டின் அதே மொழி, அது மட்டும்தான். காதில் விழும் சொல்லும் கண்ணில் படும் சொல்லும் ஒன்றாக இருந்ததே அதன் பலம். நான்கு வரிக்கு அது சான்றாகாது.

4. இரு மொழிகளின் சொல் வரிசை எதிரெதிரானது. ஒரே நேரக்குறிக்குள் இரண்டையும் அடைக்க முடியாது

இந்தச் சிக்கலை யாரும் பேசுவதில்லை, எனக்கோ இதுதான் முதன்மையானது. ஆசிரியர் சொல்கிறார்: “முதன்மை அச்சுக்கு இணையாக வரும் கதிர், லென்சில் விலகி, மறுபக்கக் குவியத்தின் வழியே செல்லும்.” சுமார் ஆறு நொடி. முதலில் சுட்டுக்கோல் அச்சைத் தொடுகிறது, பிறகு இணைகோட்டின்மேல் ஓடுகிறது, அப்புறம்தான் கதிர் என்ற சொல் வருகிறது. தமிழில் அடை முன்னால், பெயர் பின்னால், வினை கடைசியில்.

ஆங்கிலத்தில் கதிர் முதல் சொல்லிலேயே வந்துவிடும், ‘இணையாக’ அதன் பிறகு. செல்கிறது என்ற வினை வந்த பிறகுதான் குவியம் வரும். இந்த வாக்கியத்தை இரண்டு துண்டாக வெட்டினால் தமிழ்த் துண்டும் ஆங்கிலத் துண்டும் ஒரே செய்தியைச் சொல்லா. ஆங்கிலத்தை வளைத்துத் தமிழ் வரிசைக்குக் கொண்டுவரலாமே என்பார்கள். ‘வைத்தால், கிடைக்கும்’ என்ற வகை வாக்கியத்தில் அது கொஞ்சம் முடியும். அடைமொழித் தொடரில் முடியாது. ஆங்கிலம் படிக்கவே கூசும்.

வெட்டாமல் முழு வாக்கியத்தையும் ஒரே நேரத்தில் காட்டினால்? ஆங்கிலச் சப்டைட்டிலில் நொடிக்கு 15 முதல் 20 எழுத்து என்பது தொழிலில் புழங்கும் அளவு. இந்த வாக்கியத்தின் ஆங்கில வடிவம், இடைவெளியும் சேர்த்து, 95 எழுத்தை ஒட்டி வரும். நொடிக்கு 17 என்று வைத்தால் ஐந்தரை நொடி. ஆசிரியர் பேசும் ஆறு நொடியை ஆங்கிலம் மட்டுமே நிரப்பிவிட்டது. தமிழைப் படிக்க நேரமில்லை. கதிர்ப்படத்தைப் பார்க்க நேரமே இல்லை.

தனித்தனிக் கோப்பாக இருந்தால் இந்தச் சிக்கல் தானே அவிழ்கிறது. தமிழ்க் கோப்பில் “கதிர்” என்ற சொல்லோடு வெட்டலாம். ஆங்கிலக் கோப்பில் அதன் இலக்கணம் மூச்சு விடும் இடத்தில் வெட்டலாம். இரண்டின் தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. இன்னொன்று: சப்டைட்டில் மென்பொருளின் எழுத்து எண்ணிக்கையைத் தமிழுக்கு அப்படியே நம்பாதீர்கள். அது பொதுவாகக் கணினிக் குறியீடுகளை எண்ணுகிறது. ‘தொ’ அதற்கு இரண்டு, ‘த்’ அதற்கு இரண்டு. ‘குவியத்தொலைவு’ நமக்கு ஏழு எழுத்து, அதற்குப் பதின்மூன்று. தமிழ் வரியை வாய்விட்டுப் படித்து நேரம் பாருங்கள். அகலத்தைத் திரையில் பாருங்கள்.

5. பின்லாந்தும் பிரஸ்ஸல்சும் நமக்கு முன்மாதிரி அல்ல

அங்கே எப்படி முடிகிறது? பின்லாந்தில் பின்னிய மொழியும் சுவீடிய மொழியும், பிரஸ்ஸல்சில் பிரெஞ்சும் டச்சும் ஒன்றாகத் திரையில் வருவது உண்மை. ஆனால் அது பெரிய திரை, கதைப்படம், மொழிக்கு ஒரு வரி என்ற சிக்கனம். அந்த ஒரு வரியில் அடக்க வசனத்தைச் சுருக்குகிறார்கள். “சரி, நேரமாகிவிட்டது, வா கிளம்பலாம்” என்பதைக் “கிளம்பலாம்” என்று சுருக்கினால் கதைக்கு ஒன்றும் ஆகாது.

பாட வாக்கியத்தை அப்படிச் சுருக்க முடியாது. மேலே சொன்ன விதியில் “முதன்மை அச்சுக்கு இணையாக” என்ற அடையை எடுத்துவிடுங்கள்: லென்சுக்கு வரும் எந்தக் கதிரும் குவியத்தின் வழியே செல்லும் என்று ஆகிவிடும். அது தவறு, ஒளியியல் மையத்தின் வழியே வரும் கதிர் விலகாமல் நேராகப் போகும் என்று அடுத்த நிமிடமே ஆசிரியர் சொல்லப்போகிறார். கதைப்படத்தில் சட்டத்தின் அடியில் பெரும்பாலும் நடிகரின் உடையும் தரையும் இருக்கும். பாட வீடியோவில் அங்கே விடை இருக்கிறது.

6. ஆங்கிலத்துக்கான பாலம் முழு வாக்கியத்தில் இல்லை, கலைச்சொல்லில் இருக்கிறது

கல்லூரிக்குப் போகும் தமிழ் வழி மாணவர் எங்கே தடுக்கி விழுகிறார்? குவியத் தொலைவு, ஒளியியல் மையம், மெய் பிம்பம் ஆகியவற்றின் ஆங்கிலப் பெயர் காதில் விழும்போது, தான் அறிந்த பொருள்தான் அது என்று அவருக்குத் தெரிவதில்லை. அதற்குத் தேவையானது சொல்லும் பொருளும் ஒட்டி நிற்பது. நான்கு வரியில் அந்த ஆங்கிலச் சொல் ஒரு நீண்ட வாக்கியத்தின் நடுவில், படத்திலிருந்து விலகி, மூன்று நான்கு நொடியில் கடந்துபோகிறது. தமிழ் வரியில் எந்தச் சொல்லுக்கு அது இணை என்று கண்டுபிடிக்கும் வேலை மாணவரின் தலையில் விழுகிறது.

அதே சொல்லைப் படத்தில் ஒட்டுங்கள். லென்சின் நடுவிலிருந்து குவியம் வரை ஒரு அளவுகோடு. அதன்மேல் ‘குவியத் தொலைவு’, அடுத்து அதன் ஆங்கிலப் பெயர். ஆசிரியர் அதைச் சொல்லி முடித்ததும் இந்தப் பெயர்ச்சீட்டு தோன்றி நான்கு நொடி நிற்கட்டும். அந்த நேரத்தில் சப்டைட்டில் வர வேண்டாம். பேச்சு விடாமல் ஓடினால் அந்தச் சட்டத்தை இரண்டு மூன்று நொடி உறையவிட்டு இடம் உண்டாக்குங்கள். ஒரு பாடத்தில் இப்படிப் புதிதாக வரும் சொற்கள் பத்தைத் தாண்டுவது அரிது. இரண்டு மொழியும் ஒன்றாகத் திரையில் நிற்க வேண்டிய இடம் இதுதான்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

வேலை சப்டைட்டிலில் தொடங்குவதில்லை, படம் வரைவதில் தொடங்குகிறது. சட்டத்தின் அடி ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 216 பிக்சலை, எழுத்துக்கென்று காலியாக விடுங்கள். கதிர்ப்படத்தின் அச்சை 540-இலிருந்து 430-க்கு ஏற்றினால் 300 பிக்சல் அம்பும் 730-இல் முடிந்துவிடும். கரும்பலகை முன் படமெடுத்தால் பலகையின் அடிப்பகுதியில் எழுத வேண்டாம் என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

ஏற்கெனவே எடுத்த வீடியோவில் அடியில் படம் இருந்தால், அந்த இடத்தில் மட்டும் சப்டைட்டிலை மேலே ஏற்றுங்கள். இணையப் பக்கத்தில் ஓடும் வீடியோவுக்கான VTT கோப்பில் நேரக்குறியின் கடைசியில் ஒரு குறிப்புப் போதும்:

```
WEBVTT

00:02:10.000 --> 00:02:13.500 line:5%
முதன்மை அச்சுக்கு இணையாக
வரும் கதிர்,
```

எல்லாப் பிளேயரும் இதை மதிப்பதில்லை. வெளியிடும் இடத்தில் ஒருமுறை ஓடவிட்டுச் சரிபாருங்கள். வரிக்கு வரி மேலும் கீழும் தாவ விடாதீர்கள். ஒரு படம் முடியும் வரை எழுத்து ஒரே இடத்தில் இருக்கட்டும்.

பிறகு தமிழுக்கு ஒரு கோப்பு, ஆங்கிலத்துக்கு ஒரு கோப்பு. யூடியூபில் இரண்டையும் தனித்தனியாக ஏற்றலாம். பார்ப்பவர் ஒன்றைத் தேர்வார். பென்டிரைவில் பள்ளிக்குப் போகும் வீடியோ என்றால் இரண்டையும் ஒரே கோப்புக்குள் அணைக்கக்கூடிய தடங்களாகச் சேர்த்துவிடலாம்:

```
ffmpeg -i paadam.mp4 -i ta.srt -i en.srt \
 -map 0:v -map 0:a -map 1 -map 2 \
 -c:v copy -c:a copy -c:s mov_text \
 -metadata:s:s:0 language=tam \
 -metadata:s:s:1 language=eng veliyeedu.mp4
```

VLC போன்ற பிளேயரில் இதைத் திறந்து சப்டைட்டில் பட்டியலில் தமிழையோ ஆங்கிலத்தையோ தேர்ந்தெடுக்கலாம். வாட்ஸ்அப் மட்டுமே வழி என்றால் தமிழ் பதித்த ஒரு பிரதி, ஆங்கிலம் பதித்த ஒரு பிரதி என இரண்டு பிரதிகள் எடுங்கள். இது கூடுதல் வேலைதான், ஆனால் கணினி செய்யும் வேலை. நான்கு வரியோ அந்த வேலையை ஒவ்வொரு மாணவரின் கண்ணுக்கும் தள்ளிவிடுகிறது.

ஒரே புரொஜெக்டர் முன் இரு வழி மாணவர்களும் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது? குரல் தமிழில் இருப்பதால் ஆங்கிலத் தடத்தை ஓடவிட்டு ஒருமுறை காட்டுங்கள்: ஒருவருக்குக் குரல், மற்றவருக்கு எழுத்து. காது கேளாத மாணவர் அந்த வகுப்பில் இருந்தால் அவர் படிக்கும் மொழிக்கே முதல் உரிமை. அடுத்த சுற்றில் மற்ற மொழி. என் வாதத்துக்கு ஒரு எல்லையும் உண்டு. மொழிபெயர்ப்பையோ ஆங்கில இலக்கணத்தையோ கற்பிக்கும் வீடியோவில் இரண்டு வாக்கியங்களும் அருகருகே நிற்கத்தான் வேண்டும். அங்கே அவையே பாடம். ஆகவே அவற்றைப் பெரிய எழுத்தில் சட்டத்தின் நடுவில் வையுங்கள்.

எது சரி என்று வாதிட்டுக்கொண்டிருக்கவும் தேவையில்லை, சோதித்துப் பார்க்கலாம். நான்கு வரி வீடியோவைப் பாடம் தெரியாத சில மாணவர்களுக்கும், ஒரு மொழிச் சப்டைட்டிலும் பெயர்ச்சீட்டும் உள்ள வீடியோவை வேறு சிலருக்கும் கைபேசியில் காட்டுங்கள். முடிந்ததும், பொருள் 20 செ.மீ. தொலைவில் இருக்கும்போது வரும் கதிர்ப்படத்தை வரையச் சொல்லுங்கள். கீழ் அம்பு மேல் அம்பின் நீளத்துக்கு வந்திருக்கிறதா, தலை கீழ்நோக்கி இருக்கிறதா, குவியத் தொலைவின் ஆங்கிலப் பெயர் சரியான கோட்டின்மேல் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நான்கு வரியை ஆதரிப்பவர்கள் தங்கள் அடுத்த வீடியோவை வெளியிடுமுன் இந்தச் சோதனையைச் செய்து, மாணவர்கள் வரைந்த தாள்களைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.